ரூம் காலியா இருக்கு, பில்லு மட்டும் குறையல: ஹோட்டல்ல கரண்ட், தண்ணி, கேஸ் எங்க போகுதுன்னு அறிகுறி வச்சு பிடிக்கிறது

இது அம்பதுலேர்ந்து எண்பது ரூம், ஒரு ரெஸ்டாரன்ட், சொந்த லாண்டரி, ஹெச்டி கனெக்‌ஷன், போர் தண்ணியோட லாரித் தண்ணியும் வாங்குற மாதிரி ஹோட்டலுக்கு எழுதுனது. உதாரணத்துக்கு வர்ற கணக்கெல்லாம் தமிழ்நாட்டுல 60 ரூம் இருக்குற ஒரு ஹோட்டல மனசுல வச்சு போட்டது, உங்க நம்பர் வேற இருக்கும், ஆனா போடுற விதம் அதேதான். உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கோ அங்க நேரா போயிடலாம், மீட்டர் பத்தி வர்ற முதல் பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

முதல்ல மீட்டர், அதுவும் சரியான இடத்துல

மாசக் கடைசில வர்ற இபி பில்லையும் லாரிக்காரர் சீட்டையும் வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அது மொத்தமா எவ்ளோ போச்சுன்னு மட்டும்தான் சொல்லும், எந்த நேரத்துல எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லாது. அதுக்காக முப்பது மீட்டர் வாங்கி மாட்டணும்னும் இல்ல. கரண்டுக்கு மெயின் தவிர கிச்சன், லாண்டரி, ஏசி பேனல் மூணுக்கும் ஒவ்வொரு சப் மீட்டர் போதும். தண்ணிக்கு ஓவர்ஹெட் டேங்க்லேர்ந்து கீழ இறங்குற லைன்ல ரூம்களுக்கு ஒண்ணு, கிச்சனுக்கு ஒண்ணு, லாண்டரிக்கு ஒண்ணு.

நிறைய பேரு தண்ணி மீட்டர சம்ப்புக்கு வர்ற லைன்லயோ மோட்டார்லேர்ந்து மேல ஏறுற லைன்லயோ மாட்டிடுறாங்க. அங்க மாட்டுனா மோட்டார் ஓடுறப்ப மட்டும்தான் மீட்டர் சுத்தும், ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கயாவது ஒழுகுதான்னு அதுல பாக்கவே முடியாது. அதுவும் போக, விட்டு விட்டு தண்ணி வர்ற லைன்ல முதல்ல காத்து தள்ளிக்கிட்டு வரும், அந்தக் காத்துக்கும் மீட்டர் ஓடும். டேங்குக்கு கீழ, பைப் எப்பவும் தண்ணியால நிறைஞ்சு நிக்கிற இடத்துல மாட்டுங்க.

ரீடிங் எடுக்குற நேரம் மூணு: காலைல 6 மணி, மத்தியானம் 2 மணி, ராத்திரி 11 மணி. ஷிஃப்ட் மாத்துறப்ப டெக்னீஷியன் எழுதிட்டுப் போகட்டும், பக்கத்துலயே அன்னிக்கு எத்தனை ரூம் ஓடுச்சு, எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னும் எழுதணும், அது இல்லாத ரீடிங் வெறும் நம்பர்.

அறிகுறி: பாதி ரூம் காலி, லாரி மட்டும் அதே எண்ணிக்கைல வருது

இது வந்தா கெஸ்ட் மேலயும் ஷவர் மேலயும் சந்தேகப்படாதீங்க. ஆள் இல்லாதப்பவும் போற தண்ணின்னா அது ஒழுகல்தான், அதுக்கு ராத்திரி சோதனை பண்ணணும்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு டேங்க்ல ஏத்துற மோட்டார ஆஃப் பண்ணிட்டு டேங்குக்கு கீழ இறங்குற லைன்ல இருக்குற டவுன்டேக் மீட்டர் மூணையும் குறிச்சுக்கோங்க, நாலரை மணிக்கு திரும்பவும் குறிங்க. மீட்டரே இல்லைனாலும் இத பண்ணலாம், டேங்கோட நீள அகலம் தெரிஞ்சா போதும். மூணு மீட்டருக்கு நாலு மீட்டர் டேங்க்னா ஒரு சென்டிமீட்டர் இறங்குனா 120 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். நம்ம உதாரணத்துல மூணு மணி நேரத்துல 15 சென்டிமீட்டர் இறங்கிருக்கு, அதாவது 1,800 லிட்டர். முப்பது ரூம்ல ஆள் தூங்குறாங்க, அந்த நேரத்துல பதினஞ்சு இருபது தடவ ஃப்ளஷ் அடிச்சிருப்பாங்க, யாராவது லேட்டா வந்து குளிச்சிருப்பாங்க, தாராளமா 200 லிட்டர் விட்டுடலாம். மீதி 1,600 லிட்டர் யாரும் பயன்படுத்தாம போனது. மணிக்கு 530 லிட்டர் சொச்சம், ஒரு நாளைக்கு பன்னிரண்டாயிரத்துக்கு மேல. தினமும் ஒரு 12,000 லிட்டர் லாரி அப்படியே ட்ரைனேஜ்ல இறங்கிக்கிட்டு இருக்கு.

எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க அடுத்த ராத்திரி, மேல கீழ இருக்குற ரூம்களுக்கு பைப் இறங்குற ஒவ்வொரு டக்ட்டுக்கும் இருக்குற வால்வ ஒண்ணொண்ணா பத்து நிமிஷம் மூடிப் பாக்கணும். எல்லாம் திறந்திருக்கப்ப பத்து நிமிஷத்துக்கு நூறு லிட்டர் ஓடுது. முதல் டக்ட்ட மூடுனா பெருசா மாத்தமில்ல, ரெண்டாவதும் அப்படித்தான், 04 நம்பர் ரூம்கள் இருக்குற டக்ட்ட மூடுனதும் 45 லிட்டரா விழுது. அத திறந்துட்டு கிச்சன் லைன மூடுனா 67. ஆக ரூம் பக்கம் மணிக்கு 330 லிட்டர், கிச்சன் பக்கம் 200 லிட்டர், ரெண்டு வேற வேற கோளாறு. டேங்க் மட்டத்த வச்சு பாக்குறவங்களுக்கு பத்து நிமிஷம் பத்தாது, ஒரு சென்டிமீட்டர் கூட இறங்காது, டக்ட்டுக்கு அரை மணி நேரம் குடுங்க. சீக்கிரம் முடியணும்னா மீட்டர் நடுவுல ஒரு குட்டி நட்சத்திரச் சக்கரம் இருக்கும், அத பாருங்க, சொட்டுச் சொட்டா போனாலும் அது ஆடும்.

டக்ட் தெரிஞ்சுட்டா 104, 204, 304ன்னு மேல கீழ இருக்குற ரூம் மட்டும்தான் தேடணும். காலி ரூம்லேர்ந்து ஆரம்பிங்க. ஆள் இருந்தா தண்ணி சத்தம் கேக்குதுன்னு ரிசப்ஷனுக்கு போன் பண்ணிருப்பாங்க, காலி ரூம்ல யாரு சொல்றது, அதனாலதான் ஆஃப் சீசன்ல ஒழுகல் மாசக்கணக்குல ஓடும். ஃப்ளஷ் டேங்க்ல சொட்டு நீலம் நாலு துளி விட்டுட்டு கால் மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கீழ பேசின்ல நீலம் இறங்குச்சுன்னா அடி ரப்பர் போயிடுச்சு. நீலம் இறங்கறதுக்கு முன்னாடியே ஓவர்ஃப்ளோ குழாய்ல தண்ணி வழிஞ்சா ஃப்ளோட் மாட்டிக்கிட்டு நிக்குது, இதுதான் தண்ணிய அள்ளி விடுற கோளாறு, ரப்பர் கசிவு அதுக்கு அப்புறம்தான். நம்ம 04 டக்ட்ல 304ல ஃப்ளோட், 204ல ரப்பர், ரெண்டும் சேந்துதான் அந்த 330.

ரப்பர் மாத்துறப்ப ஒண்ணு: டேங்குக்குள்ள போடுற க்ளோரின் மாத்திரை ரப்பர அரிச்சிடும், ஹவுஸ்கீப்பிங்ல அத நிறுத்தச் சொல்லுங்க. போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா ரப்பர் உக்கார்ற விளிம்புல உப்பு படிஞ்சிருக்கும், அத சுரண்டாம புது ரப்பர் போட்டா மறுவாரமே ஒழுகும்.

கிச்சன் பக்கம் போன 200 லிட்டர் பெரும்பாலும் ஆர்ஓ மெஷின்லதான் இருக்கும். சுத்தமான தண்ணி டேங்க் நிறைஞ்சதும் ஃப்ளோட் ஸ்விட்ச் மெஷின நிறுத்தணும், அது கெட்டுப்போச்சுன்னா ராத்திரி பூரா ஓடி, நல்ல தண்ணி ஓவர்ஃப்ளோல, ரிஜெக்ட் தண்ணி தனியா, ரெண்டுமே வெளிய போகும். சத்தம் வராத இடத்துல மெஷின் இருக்கறதால யாரும் கவனிக்க மாட்டாங்க. ஸ்விட்ச் சரி பண்ணுங்க, ரிஜெக்ட் பைப்ப தனியா ஒரு சின்டெக்ஸ்ல பிடிச்சு கார் பார்க்கிங் கழுவ, பின்பக்க தரை கழுவ விடுங்க. செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு ஏறி மண்ணு கெட்டுப்போகும்.

அறிகுறி: யூனிட் கூடல, பில் தொகை மட்டும் எகிறுது

பில்லுல டிமாண்ட் வரிய பாருங்க. ஹெச்டில ரெண்டு விதமா காசு வாங்குறாங்க, எவ்ளோ யூனிட் எரிச்சோம்னு ஒண்ணு, ஒரே சமயத்துல அதிகபட்சமா எவ்ளோ இழுத்தோம்னு கேவிஏல ஒண்ணு. மீட்டர் சில நிமிஷத்துக்கு ஒரு தடவ சராசரி போட்டு (பதினஞ்சோ முப்பதோ, மீட்டர் செட்டிங் பொறுத்து) அந்த மாசத்துலயே பெரிய சராசரிய எம்டின்னு நிறுத்தி வச்சுக்கும். முப்பது நாள்ல ஒரே ஒரு காலைல ஒரே ஒரு கால் மணி நேரம் ஏறுனாலும் மாசம் முழுக்க அதுக்குத்தான் காசு. சாங்ஷன் வாங்குன அளவ தாண்டுனா தாண்டுன பங்குக்கு அபராத ரேட்டு தனி. இதுக்கு மேல பீக் ஹவர் வேற இருக்கு, காலைல 6.30லேர்ந்து 10.30, சாயங்காலம் 6லேர்ந்து 10, அந்த நேரத்து யூனிட் பில்லுல தனியா பிரிச்சு வந்திருந்தா அதுக்கு எவ்ளோ கூட போட்டிருக்காங்கன்னு பாத்துக்கோங்க.

நம்ம ஹோட்டலுக்கு சாங்ஷன் 200 கேவிஏ, எம்டி 218ன்னு வந்திருக்கு. எந்த நேரம்னு தெரியணும். மெயின் பேனல் மீட்டர்ல டேட்டா லாகர் இருந்தா கதை ஈஸி, இல்லைனா மூணு நாள் காலைல 6லேர்ந்து 10 வரைக்கும், மத்தியானம் 1லேர்ந்து 5 வரைக்கும் கால் மணிக்கு ஒருதரம் மெயின் மீட்டரையும் மூணு சப் மீட்டரையும் ஒருத்தர் நின்னு எழுதட்டும். போர் அடிக்கிற வேலைதான், ஆனா பதில் இதுலதான் கிடைக்கும்.

எழுதிப் பாத்தா ஏழு மணிலேர்ந்து ஏழே கால் வரைக்கும் ஏறியிருக்கு. ரூம்ல ரெண்டு கிலோவாட் கீசர், அந்த நேரத்துல ஒரு இருபத்தஞ்சு சேந்து ஓடுனா அதுவே 50. கிச்சன்ல டிஃபன் நேரம், கிரைண்டரு, எக்ஸாஸ்ட், பாத்திரம் கழுவுற மெஷின், எல்லாம் சேந்து ஒரு முப்பது. ஏசி, லிஃப்ட், பம்பு அது அது பாட்டுக்கு. இதுக்கு நடுவுல லாண்டரில 24 கிலோவாட் ட்ரையர் ரெண்டும் சேந்து சூடாகிக்கிட்டு இருக்கு, 48. கெஸ்ட் குளிக்கிறத தள்ளி வைக்க முடியாது, இட்லிய தள்ளி வைக்க முடியாது, தள்ள முடிஞ்சது அந்த 48 மட்டும்தான். ஹீட்டர் லோடுங்கறதால கிலோவாட்டும் கேவிஏவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 218ல 48 போனா 170.

ஆனா காலைல ட்ரையர் போடாதேன்னு நோட்டீஸ் ஒட்டுனா ஒரு வாரம் நடக்கும், அப்புறம் பழையபடி ஆயிடும். காலைல ஏழு மணிக்கு ஏன் துவைக்கிறாங்கன்னு லாண்டரி சூப்பர்வைசர கேளுங்க. "அண்ணே, நேத்து வந்த பெட்ஷீட்ட இப்ப காய வச்சாத்தான் பதினோரு மணிக்கு ரூம் ரெடி பண்ண குடுக்க முடியும், ஷெல்ஃப்ல ஒண்ணும் இல்ல"ம்பார். அவரு சொல்றது நியாயம். ரூமுக்கு ரெண்டு செட் லைனன்தான் வச்சிருந்தா ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு லாண்டரில, கையிருப்பு சைபர், அப்ப லாண்டரி செக்கவுட் நேரத்தோட பின்னாடியே ஓடித்தான் ஆகணும். மூணு செட் இருந்தா நேத்து அழுக்கு இன்னிக்கு மத்தியானம் துவைச்சா போதும். அறுபது ரூமுக்கு கூட ஒரு செட் பெட்ஷீட், தலையணை உறை, டவல் வாங்குற செலவையும் ஆறு மாச டிமாண்ட் சார்ஜையும் பக்கத்துல பக்கத்துல எழுதி ஓனர் முன்னாடி வைங்க. ட்ரையர் டைமிங் மாறாததுக்கு காரணம் பெரும்பாலும் பர்ச்சேஸ்லதான் இருக்கு, லாண்டரி ஆளுங்க மேல கத்தி பிரயோஜனமில்ல. இன்னொரு லாபமும் உண்டு, துணி ஓய்வெடுத்து மாறி மாறி ஓடுறதால சீக்கிரம் கிழியாது.

மூணு செட் வந்தப்புறம் டைம்டேபிள் இப்படி வைக்கலாம்: காலைல பத்தரை மணிக்கு முதல் வாஷ், பதினொன்னேகாலுக்கு முதல் ட்ரையர், ரெண்டாவது ட்ரையர் அதுலேர்ந்து இருபது நிமிஷம் தள்ளி, சாயங்காலம் அஞ்சரைக்குள்ள கடைசி ட்ரையர் ஆஃப். ட்ரையர் ஆரம்பத்துலதான் ஹீட்டர நிறுத்தாம இழுக்கும், துணி காஞ்சு வர வர ஹீட்டர் விட்டு விட்டு ஓடும், அதனால தள்ளித் தள்ளி ஆரம்பிக்கிறது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல், மே மாசம் மத்தியானம் மூணு மணிக்கு ஏசி உச்சத்துல இருக்கும், கல்யாண மண்டபம் வேற இருந்தா கேக்கவே வேண்டாம், ட்ரையர கொண்டுபோய் அங்க வச்சா புது எம்டி அங்க உருவாகும். நீங்க எழுதுன 1லேர்ந்து 5 வரைக்குமான ரீடிங் இதுக்குத்தான். அந்த மாசங்கள்ல மத்தியானம் ஒரு ட்ரையர் மட்டும்னு வச்சுக்கோங்க, மொட்டை மாடி வெயில் ஓசிலதான் கிடைக்குது, டவல் தவிர மத்தத கொடில போடலாம்.

ஜெனரேட்டர்லேர்ந்து இபிக்கு மாறுன உடனே எம்டி ஏறியிருந்தா கதை வேற. எல்லா ஏசியும், கோல்ட் ரூம் கம்ப்ரஸரும், நின்னுபோன கீசரும் ஒரே நேரத்துல கிளம்புது, அதுக்கு ஏசி பேனல பகுதி பகுதியா அஞ்சு நிமிஷ இடைவெளில ஆன் ஆகுற மாதிரி டைமர் போட்டா போதும்.

அறிகுறி: ட்ரையர் முன்ன 35 நிமிஷம், இப்ப ஒரு மணி நேரம்

ஹீட்டர் காயில் போயிடுச்சுன்னு மெக்கானிக்க கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தராசு கொண்டு வாங்க. ட்ரையர்ல கஷ்டப்பட்டு விரட்டுற தண்ணிய வாஷிங் மெஷின் சுத்தியே பிழிஞ்சிருக்கணும், அது பிழிஞ்சுதான்னு எடை சொல்லும். 25 கிலோ காஞ்ச துணி போடுங்க, பிழிஞ்சு எடுத்ததும் நிறுங்க. 37, 38 கிலோ இருந்தா சரி, துணி எடைல பாதி தண்ணி. 43, 44 கிலோ காட்டுனா கூடுதலா ஆறு லிட்டர் தண்ணி ட்ரையருக்குள்ள போகுது. ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்கவே கிட்டத்தட்ட 0.65 யூனிட் வேணும், ட்ரையர்ல வெளிய போற சூட்டையும் சேத்தா ஒரு யூனிட்டு கிட்ட ஆகும். ஒரு லோடுக்கு ஆறு யூனிட், ஒரு நாளைக்கு எட்டு லோடுன்னா நீங்களே பெருக்கிக்கோங்க. பிழியிற மோட்டார் ரெண்டு நிமிஷம் கூட சுத்துனா ஆகுற கரண்டு இதுக்கு பக்கத்துலயே வராது.

ஏன் பிழியலன்னா பொதுவா மூணு காரணம். துணி ஒரு பக்கமா சேந்து மெஷின் ஆடுது, ஆடுனா ஹை ஸ்பீடு போகாம அதுவே நிறுத்திக்கும், டிஸ்ப்ளேல எரர் காட்டி மறையறத ஆளுங்க கவனிக்க மாட்டாங்க. ஒரு பெரிய கம்பளியும் நாலு தலையணை உறையும்னு போட்டா இப்படித்தான் ஆகும். ரெண்டாவது, ட்ரெயின் வால்வுல நூலும் பட்டனும் அடைச்சு தண்ணி மெதுவா இறங்குது, தண்ணி முழுசா இறங்கறதுக்குள்ள சுத்த ஆரம்பிச்சிடுது. மூணாவது, அவசரத்துக்கு கடைசி ஸ்பின்ன ஆபரேட்டர் ஸ்கிப் பண்றாரு. காலைல லைனன் இல்லாத ஹோட்டல்ல இது கண்டிப்பா நடக்கும், துணிய சீக்கிரம் ட்ரையருக்கு தள்ளுனா வேலை சீக்கிரம் முடியும்னு அவருக்கு தோணுது, நிஜத்துல நேரம் கூடத்தான் ஆகுது.

எடை சரியா இருந்தும் ட்ரையர் நேரம் எடுத்தா பஞ்சு வலைய பாருங்க. தினமும் தட்டுறாங்கன்னாலும் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் படிஞ்சு வலை மெழுகு பூசுன மாதிரி ஆயிருக்கும், அதுமேல தண்ணி ஊத்திப் பாருங்க, தண்ணி தேங்கி நின்னா சோப்பு போட்டு பிரஷ்ஷால கழுவணும். அப்புறம் வெளிய போற குழாய், கடைசில இருக்குற மூடி, புறா கூடு கட்டிருக்கான்னும் பாருங்க. பஞ்சு அடைச்ச குழாய் கரண்ட் விஷயம் மட்டுமில்ல, தீப்பிடிக்கும்.

பெட்ஷீட்டயும் டவலயும் கலந்து ட்ரையர்ல போடுறத நிறுத்துங்க. பெட்ஷீட் காஞ்சு முறுமுறுன்னு ஆனப்புறமும் டவல் ஈரமா இருக்கும், டவலுக்காக ரெண்டும் சேந்து சூடாகும். ஃப்ளாட் வொர்க் அயர்னர் வச்சிருக்கவங்க பெட்ஷீட்ட ட்ரையர்லயே போட வேண்டாம், பிழிஞ்ச ஈரத்தோட நேரா உருளைல விடலாம், அதுவே காய வச்சு மடிப்பும் எடுத்துடும்.

தண்ணி பக்கம் ஒரு விஷயம்: வாஷ் நடக்குறப்ப ட்ரெயின் குழாய்க்கு கிட்ட காது வச்சு கேளுங்க, தண்ணி ஓடுற சத்தம் வரக்கூடாது. வந்துச்சுன்னா ட்ரெயின் வால்வு மூடல, மெஷின் மட்டம் குறையுதேன்னு திரும்பத் திரும்ப தண்ணி எடுத்துக்கும், சோப்பும் சேந்து போறதால அழுக்கும் போகாது, ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவாரு.

அறிகுறி: ரெஸ்டாரன்ட்ல ஏசி 18ல வச்சாலும் புழுங்குது, கிச்சன் கதவு தானா இழுக்குது

ஏசிக்காரர் வந்து கேஸ் அடைச்சிட்டு போவாரு, ஒரு மாசம் கழிச்சு திரும்ப வருவாரு. அதுக்கு முன்னாடி கிச்சன் கதவ ஒரு விரல் அளவு திறந்து, இடுக்குல டிஷ்யூ பேப்பர பிடிங்க. பேப்பர் கிச்சன் பக்கமா லேசா சாஞ்சா நல்லது, மசாலா வாடை டைனிங்குக்கு வராது. படபடன்னு அடிச்சு உள்ள இழுத்தா நீங்க குளிர வைக்கிற காத்தெல்லாம் தோசைக்கல்லுக்கு மேல இருக்குற ஹூட் வழியா வெளிய போகுது.

காரணம், ஃப்ரெஷ் ஏர் ஃபேன ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. வெளிக்காத்து மாஸ்டர் முதுகுல சூடா அடிக்குதுன்னு யாரோ நிறுத்திருப்பாங்க, இல்லைன்னா அதோட ஃபில்டர் எண்ணெயும் தூசியும் சேந்து அடை மாதிரி ஆயிருக்கும். எக்ஸாஸ்ட் இழுக்குற காத்துக்கு ஏதாவது வழில காத்து வந்தே ஆகணும், டைனிங்லேர்ந்து எடுத்துக்குது. ஃபில்டர கழுவுங்க, காத்து வர்ற க்ரில்ல மாஸ்டர் மேல அடிக்காம ஹூட்டோட முன் விளிம்பு பக்கம் திருப்பி விடுங்க, ரெண்டு ஃபேனையும் ஒரே ஸ்விட்ச்ல கட்டிடுங்க, ஒண்ண மட்டும் நிறுத்த முடியாத மாதிரி. அப்புறம் மூணு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் பாதி அடுப்பு அணைஞ்சிருக்குறப்ப எக்ஸாஸ்ட் ஃபுல் ஸ்பீடுல ஓட வேண்டியதில்ல, மோட்டார் ஸ்பீட கூட்டிக் குறைக்கிற விஎஃப்டி போட்டு குறைச்சா ஃபேன் கரண்டும் குறையும், ஏசி காத்தும் மிஞ்சும். ஸ்பீட அஞ்சுல ஒரு பங்கு குறைச்சாலே ஃபேன் எடுக்குற பவர் கிட்டத்தட்ட பாதியாயிடும்.

அறிகுறி: சாப்பாடு கணக்கு அதே, சிலிண்டர் சீக்கிரம் தீருது

லீக் இருக்கான்னு சோப்பு நுரை வச்சு கேஸ் ஆள் பாத்துடட்டும், அது முதல் வேலை. லீக் இல்லைன்னா சும்மா எரியிற அடுப்பத் தேடுங்க. தெரிஞ்ச ஆள் தோசைக்கல். காலைல ஆறுக்கு பத்த வச்சா ராத்திரி பதினொன்னு வரைக்கும் அணையாது, ஏன்னா திரும்ப சூடாக கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், நடுவுல ஒரு ஆர்டர் வந்துட்டா மாஸ்டருக்கு திட்டு விழும். அவரு பயத்துல நியாயம் இருக்கு, அதனால அணைன்னு சொல்றத விட நம்பர எடுத்துக்காட்டுங்க. ஒரு நாள் மத்தியானம் அந்தக் கல்லுக்கு மட்டும் தனி 19 கிலோ சிலிண்டர் மாட்டி தராசுல நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, மாட்டுறதும் கழட்டுறதும் கேஸ் ஆள் பண்ணட்டும். மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் எத்தனை தோசை போச்சு, எத்தனை கிராம் குறைஞ்சுதுன்னு மாஸ்டரே எழுதட்டும். அப்புறம் ரெண்டு கல்லுல ஒண்ணு அணைக்கலாம்னு அவரே சொல்லுவாரு, மீதி ஒரு கல்லுல பாதி பர்னர் எரிஞ்சாலே மத்தியான ஆர்டர சமாளிக்கலாம்.

தீ மஞ்சளா நீளமா எரிஞ்சு, குண்டான் அடி கரியா இருந்தா காத்து பத்தல, பர்னர் ஓட்டைல சாம்பார் வழிஞ்சு அடைச்சிருக்கும், கழட்டி குத்தி விட்டு காத்துக் கதவ நீலத் தீ வர்ற வரைக்கும் திருப்புங்க. நீலமா இருந்தும் தீ பாத்திரத்துக்கு வெளிய சுத்தி ஏறுனா ஒண்ணு பாத்திரம் சின்னது, இல்லாட்டி பர்னர் பெருசு, சூடு கிச்சனுக்குப் போகுது. தண்ணி கொதி வந்தப்புறம் தீய குறைச்சாலும் கொதிச்சுக்கிட்டேதான் இருக்கும், ஃபுல்லா வச்சா ஆவி கூட வருமே தவிர பருப்பு சீக்கிரம் வேகாது.

கிச்சன் தண்ணில ஒரே ஒரு பழக்கம் சொல்றேன், மீதியெல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த சிக்கன், மீன கொழாய திறந்து விட்டு அதுக்கு கீழ வைக்கிறது. கொழாய்ல ஒரு பக்கெட் பிடிச்சு மொபைல்ல டைம் பாருங்க, நிமிஷத்துக்கு பத்து லிட்டர்னா நாலு மணி நேரத்துல 2,400 லிட்டர். அதோட நம்ம ஊரு டேங்க் தண்ணி முப்பது டிகிரி கிட்ட இருக்கும், அதுல வச்சா வெளிப்பக்கம் கெட ஆரம்பிச்சிடும், உள்ள இன்னும் ஐஸாத்தான் இருக்கும். நாளைக்கு வேணுங்கறத இன்னிக்கு சாயங்காலமே அஞ்சு டிகிரிக்குள்ள இருக்குற சில்லர்ல தட்டு வச்சு, கீழ் ராக்ல மாத்தி வைக்கணும். உருகுறப்ப அது விடுற குளிர்ச்சி சில்லருக்கே உதவும். இது நடக்கணும்னா நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு கிச்சனுக்கு அஞ்சு மணிக்குள்ள தெரியணும், ரிசர்வேஷன்லேர்ந்து அந்த சீட்டு போகலைனா கொழாய் திறந்தேதான் இருக்கும்.

அறிகுறி: சப் மீட்டர் நம்பர்ல அர்த்தமே இல்ல

லாண்டரி ஓடுற சத்தம் கேக்குது, மீட்டர் எட்டு கிலோவாட் காட்டுதுன்னா மெஷின சந்தேகப்படாம மீட்டர சந்தேகப்படுங்க. க்ளாம்ப் மீட்டர் வச்சு மூணு ஃபேஸ் கரண்டும் பாத்து மீட்டர் காட்டுறதோட ஒப்பிடுங்க. இருக்க வேண்டியதுல சரியா மூணுல ஒரு பங்கு காட்டுனா கரண்ட அளக்க ஒவ்வொரு ஃபேஸ் ஒயர சுத்தியும் மாட்டுற சிடி வளையத்துல ஒண்ண திருப்பி மாட்டிருக்காங்க, ரெண்டு ஃபேஸ் கூட்டி ஒண்ண கழிக்குது. சரியா பாதி காட்டுனா சிடி 200/5, மீட்டர்ல 100/5ன்னு செட் பண்ணிருப்பாங்க. சிடி ஒயர கரண்ட் ஓடுறப்ப கழட்டக் கூடாது, திறந்த சிடில ஆபத்தான வோல்டேஜ் வரும், எலக்ட்ரீஷியன் லைன நிறுத்திட்டு பாக்கட்டும்.

அறிகுறி: எல்லாம் பண்ணியாச்சு, எம்டி 170க்கு வந்துடுச்சு, டிமாண்ட் சார்ஜ் அதுக்கு கீழ இறங்கல

கோளாறு ஒண்ணும் இல்ல, இங்க விதிமுறை அப்படி. நீங்க எவ்ளோ குறைவா இழுத்தாலும் சாங்ஷன் டிமாண்ட்ல 90 சதவீதத்துக்கு காசு கட்டியே ஆகணும், 200க்கு 180. அபராதம் நின்னுருக்கும், 218க்கு கட்டுனது 180 ஆயிருக்கும், அதுக்கு கீழ போகணும்னா சாங்ஷனையே குறைக்க எழுதிக் குடுக்கணும். அவசரப்பட்டு குடுக்காதீங்க. ஒரு முழு கோடையும் ஒரு முகூர்த்த சீசனும் தாண்டட்டும், அந்த மாசங்கள்ல எம்டி எவ்ளோ போச்சுன்னு பாத்து, அதுல மேல இருக்குறதோட பத்து கேவிஏ சேத்து கேளுங்க. குறைச்சிட்டு திரும்ப ஏத்தணும்னா டெபாசிட்டு, எஸ்டிமேட்டுன்னு மறுபடி முதல்லேர்ந்து அலையணும். மே மாச எம்டி 188ன்னு வந்தா 200லயே இருங்க.